அந்தக் காரை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணா

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் போட்டோகிராபர் ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களை அனுப்புவார். வீடே ஒரு போனைச் சுற்றி உட்காரும். இரண்டாவது தடவை புரட்டும்போதுதான் கேள்விகள் கிளம்பும். "வாசல்ல இந்தக் காரை யார் கொண்டுவந்து நிறுத்துனது?" "தாலி கட்டற நேரத்துல பின்னாடி நிக்கிறாரே, யார் இவர்?" உடனே போட்டோகிராபருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும்: "அண்ணா, பின்னாடி இருக்கிற காரையும் அந்த ஆளையும் எடுத்துடுங்க."

அவரும் "சரி" என்று பதில் போடுவார். பத்து நாள் கழித்து வரும் பக்கத்தில் கார் போயிருக்கும். கார் நின்ற இடத்தில் சுவர் குழைந்துபோய்த் தெரியும். அல்லது வேறு ஒரு காரை எடுத்திருப்பார். மறுபடி செய்தி, மறுபடி காத்திருப்பு, மனக்கசப்பு. இதில் பெரும்பாலும் கோளாறு போட்டோகிராபரின் திறமையில் இருப்பதில்லை. நாம் அனுப்பிய அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதினால் ஒரே சுற்றில் வேலை முடியும். அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, படத்திலிருந்து ஒரு காரை எப்படி எடுக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

கார் மறைத்துக்கொண்டிருந்த சுவரைக் கேமரா பார்க்கவே இல்லை. ஆகவே காரை அழித்தால் அங்கே சுவர் வெளிப்படாது. வெறும் ஓட்டைதான் விழும். அந்த ஓட்டையில் எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். போட்டோஷாப்பில் இதற்குப் பல வழிகள் உண்டு. க்ளோன் ஸ்டாம்ப் என்பது படத்தின் ஓர் இடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோர் இடத்தில் பதிப்பது. 2002-ல் வந்த ஹீலிங் பிரஷ், எடுத்துவரும் இடத்தின் சொரசொரப்பை வைத்துக்கொண்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் புது இடத்தோடு பொருத்திவிடும். 2010-ல், ஓட்டையைச் சுற்றி இருப்பதைப் பார்த்துத் தானாகவே நிரப்பும் வசதியும் வந்தது. பின்னணி வெறும் வானமாகவோ புல்தரையாகவோ இருந்தால் இவை சில நிமிட வேலை. ஆனால் கல்யாண வாசலில் வெறும் வானம் எங்கே இருக்கிறது? வாழை மரம், தோரணம், பிளெக்ஸ் பேனர், காம்பவுண்டு சுவர், கோலம், செருப்புக் குவியல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே எதை வைத்து நிரப்புவது என்று முடிவு செய்ய ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் படம் எடுத்தவர் ஒருவர், ஆல்பம் வடிவமைப்பவர் வேறொருவர். வடிவமைப்பாளர் அந்தக் கல்யாணத்துக்கு வந்ததே இல்லை. கார் மறைத்த இடத்தில் சுவர் இருந்ததா, கேட் இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. எது எடுக்கப்பட வேண்டும், எது அப்படியே இருக்க வேண்டும், எடுத்த இடத்தில் என்ன வர வேண்டும் என்ற மூன்றையும் கடிதம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். முதல் விஷயத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டாவதைச் சிலர் எழுதுகிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாருமே எழுதுவதில்லை.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று படங்களில் சிக்கல். முதல் படத்தில் மணமக்கள் மண்டப வாசலில் வாழை மரத்துக்கு அருகில் நிற்கிறார்கள். பின்னால் ஒரு வெள்ளைக் கார், பாதி மணப்பெண்ணின் பட்டுப் புடவைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இரண்டாவது, தாலி கட்டி முடித்த கணம். அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் தோளுக்கும் பெண்ணின் மாலைக்கும் நடுவே நீலச் சட்டைக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மூன்றாவது குடும்பப் படம். வரிசையின் கடைசியில் அதே நீலச் சட்டைக்காரர்.

இந்தப் படங்களைக் கடிதத்தில் எப்படிக் குறிப்பிடுவது? இங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயர் IMG-20240211-WA0034.jpg என்பது போல இருக்கும். அது வாட்ஸ்அப் தானே சூட்டிய பெயர். போட்டோகிராபரின் கணினியில் அப்படி ஒரு கோப்பு இருக்காது. அவர் பென் டிரைவிலோ இணைய இணைப்பிலோ கொடுத்த அசல் கோப்பின் பெயரைத்தான் எழுத வேண்டும்: DSC_4127.JPG என்றோ IMG_2318.JPG என்றோ இருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேமராக்கள் பொதுவாக 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து தொடங்கும். ஒரே கல்யாணத்தில் இரண்டு மூன்று கேமராக்களும் ஓடும். ஆகவே ஒரே எண்ணில் இரண்டு படங்கள் இருக்க வாய்ப்பு உண்டு. கோப்பின் பெயரோடு அது இருக்கும் ஃபோல்டரின் பெயரையும், மாதிரி ஆல்பத்தில் அது வரும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

அடுத்த குழப்பம் இடது, வலது. "மாப்பிள்ளைக்கு இடது பக்கம் இருக்கும் கார்" என்றால், அது படத்தைப் பார்ப்பவருக்கு வலது பக்கம். "படத்தைப் பார்க்கும்போது இடது பக்கம்" என்று எழுதுவதுதான் தெளிவு. அதைவிட நல்லது, படத்தின் மேல் போனிலேயே சிவப்பு வட்டம் போட்டு இணைப்பது. வட்டம் போட்ட படம் அடையாளத்துக்கு மட்டும். வேலை செய்ய அவர் தன் அசல் கோப்பைத்தான் எடுப்பார்.

எந்தக் கார் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாண வாசலில் பூ அலங்காரம் செய்த மாப்பிள்ளைக் காரும் நிற்கும். அந்தக் கார் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்றுதான் காசு கொடுத்துப் பூ வைத்தோம். "காரை எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதினால் இரண்டும் போய்விடும்.

இனி நம் மூன்று படங்களுக்கும் கடிதம் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். எழுதுபவர் மணப்பெண்.

"வணக்கம் அண்ணா. மாதிரிப் பக்கங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். படங்கள் ரொம்பப் பிடித்திருக்கின்றன. அச்சுக்குப் போகும் முன் மூன்று படங்களில் மட்டும் திருத்தம் வேண்டும். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

ஒன்று. பக்கம் 7, பெரிய படம். 'முகூர்த்தம்' ஃபோல்டர், DSC_4127. படத்தைப் பார்க்கும்போது இடது பக்கம், என் புடவைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக் காரை எடுக்க வேண்டும். தரையில் விழுந்திருக்கும் அதன் நிழலும் போக வேண்டும். வலது பக்கம் தூரத்தில் தெரியும் பூ அலங்காரக் கார் இருக்கட்டும். வெள்ளைக் காருக்குப் பின்னால் இருப்பது மண்டபத்தின் மஞ்சள் காம்பவுண்டு சுவர். கேட் எதுவும் இல்லை. அண்ணன் போனில் எடுத்த படத்தில் அந்தச் சுவர் முழுதாகத் தெரிகிறது, இணைத்திருக்கிறேன். வாழை மரமும் கோலமும் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டு. பக்கம் 12. அதே ஃபோல்டர், DSC_4389. எங்கள் இருவருக்கும் நடுவில் போனோடு தெரியும் நீலச் சட்டைக்காரரை எடுக்க முடியுமா? அடுத்தடுத்து நீங்கள் எடுத்த படங்களில் அவர் நகர்ந்திருந்தால் பின்னணியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பறக்கும் அட்சதையும் எங்கள் முகமும் இந்தப் படத்தில் உள்ளதே வேண்டும். அது முடியாது என்றால் அவரை மங்கலாக்கினால் போதும்.

மூன்று. பக்கம் 21. 'குடும்பம்' ஃபோல்டர், DSC_0216. வலது ஓரத்தில் நிற்கும் அதே நீலச் சட்டைக்காரர். இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டோம், அவர் எங்கள் உறவினர் அல்ல. சித்தப்பாவுக்கும் அவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த இடத்தில் வெட்டிவிட்டால் போதும். நாங்கள் படத்தின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி வந்தாலும் பரவாயில்லை.

இந்தப் படங்கள் அட்டையிலோ, சின்ன ஆல்பத்திலோ, வேறு பக்கத்தின் பின்னணியிலோ வந்திருந்தால் அங்கேயும் திருத்திய படத்தையே வையுங்கள். இந்த வேலை பேசிய தொகைக்குள் வருமா, தனியாகத் தர வேண்டுமா என்று சொல்லுங்கள். திருத்திய பிறகு அச்சுக்கு அனுப்பும் முன் முழு அளவுப் படத்தை ஒரு தடவை காட்டுங்கள். திருத்தாத அசல் படங்களும் எங்களுக்கு வேண்டும். நன்றி அண்ணா."

அவ்வளவுதான் கடிதம். அதில் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத சில விஷயங்களை விளக்குகிறேன்.

காரின் நிழலைத் தனியாகச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. காரை எடுத்து நிழலை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வெயிலில் நிற்கும் கார் நிழலை மட்டும் விடாது. அதன் கண்ணாடி சூரிய ஒளியைத் திருப்பி அடித்து, பக்கத்துச் சுவரிலோ மாப்பிள்ளையின் வேட்டியிலோ ஒரு வெளிச்சத் திட்டை உண்டாக்கியிருக்கும். கார் போனபின் அந்தத் திட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். சிவப்புக் கார் என்றால் அருகில் இருக்கும் வெள்ளைத் துணியில் லேசாகச் சிவப்பும் ஏறியிருக்கும். நல்ல வடிவமைப்பாளர் இதைக் கவனிப்பார். நாமும் கவனித்து எழுதினால் தவறாது.

புடவைக்குப் பின்னால் பாதி மறைந்த கார் என்பதால் வேலை முழுக்கப் புடவையின் ஓரத்தில் நடக்கிறது. பட்டின் விளிம்பு நேர்கோடு, சுத்தமாக வெட்டிவிடலாம். அந்த விளிம்பு கூந்தலாகவோ, மல்லிகைச் சரமாகவோ, மாலையிலிருந்து பிரிந்து நிற்கும் சம்பங்கி இதழாகவோ இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு முடியிழைக்கும் இடையில் காரின் வெள்ளை தெரியும். அதை மஞ்சள் சுவராக மாற்ற இழை இழையாக உட்கார வேண்டும். அவசரத்தில் செய்தால் தலைமுடி கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடும். பின்னால் இருப்பது காரா ஆளா என்பதைவிட, மணமக்களின் எந்தப் பகுதியை அது தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேலையின் கடினத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது படம்தான் மூன்றிலும் சிக்கலானது. தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர் ஒரே படம் எடுப்பதில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து நொடிக்குப் பல படங்களாகத் தட்டித் தள்ளுவார். அவற்றில் நமக்குக் காட்டுவது ஒன்றிரண்டு. காட்டாத படங்கள் அவரிடம் இருக்கின்றன. நீலச் சட்டைக்காரர் இரண்டு நொடி கழித்து நகர்ந்திருந்தால், அவர் மறைத்திருந்த மேடைத் திரை அந்தப் படத்தில் உண்மையாகவே பதிவாகியிருக்கும். அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில், அதே வெளிச்சத்தில் எடுத்தது. அந்தப் படத்தை அடியில் வைத்து மேலே நம் படத்தைப் பொருத்தினால் நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. உண்மையான பின்னணியே கிடைத்துவிடும். ஆகவே "பக்கத்துப் படத்தில் பாருங்கள்" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுவது மிகப் பெரிய உதவி. வடிவமைப்பாளரிடம் போவது தேர்வான படங்கள் மட்டும்தான் என்றால், பக்கத்துப் படங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆனால் அட்சதை? பறக்கும் அரிசி நீலச் சட்டைக்கு முன்னால் மஞ்சள் கோடுகளாகத் தெரிகிறது. ஆளை எடுத்தால் அவர் மேல் விழுந்திருந்த அரிசியும் சேர்ந்து போய்விடும். இரண்டு பக்கமும் அரிசி மழை பெய்ய, நடுவில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. பக்கத்திலிருந்து சில அரிசிகளை எடுத்து அங்கே தூவித்தான் சரிசெய்ய வேண்டும். இதனால்தான் கடிதத்தில் அட்சதையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, முடியாவிட்டால் மங்கலாக்கினால் போதும் என்று ஒரு வழியும் விட்டது. கண்ணைப் பறிக்கும் நீலத்தைக் கொஞ்சம் சாம்பலாக்கி, ஒளிரும் போன் திரையை இருட்டாக்கினாலே பார்வை மணமக்களிடம் திரும்பிவிடும். காருக்கும் இது பொருந்தும். நிறத்தைக் குறைத்து நம்பர் பிளேட்டை அழித்தால் பல படங்களில் அதுவே போதுமானது. முகத்தை ஒட்டியிருக்கும் எதையும் வலுக்கட்டாயமாக எடுக்கச் சொல்வதைவிட இது நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது படத்தில் ஓரத்தில் நிற்பவரை வெட்டிவிடுவதுதான் சரி. ஆனால் வெட்டுவதற்கு முன் அவர் யார் என்று இரண்டு வீட்டிலும் கேட்க வேண்டும். பெண் வீட்டாருக்கு அந்நியராகத் தெரிபவர் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உயிர் நண்பராக இருக்கலாம். சமையல் காண்டிராக்டராக இருக்கலாம். ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த ஒன்றுவிட்ட மாமாவாக இருக்கலாம். ஆல்பம் அவர் கைக்கும் ஒருநாள் போகும். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு இரண்டு நாள் காத்திருந்து, வயதானவர்களிடம் நேரில் காட்டி, அதன்பின் எழுதுங்கள். யாராவது ஒருவர் தோளில் அவர் கை போட்டு நின்றிருந்தால் அவரை எடுக்கக் கேட்கவே வேண்டாம். ஆள் போய் விரல்கள் மட்டும் சித்தப்பாவின் தோளில் மிஞ்சும். விரலையும் எடுத்தால் தோளில் சட்டை மடிப்பு பொருந்தாது. வேறு படத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

கடிதம் போக வேண்டிய நேரமும் முக்கியம். படத் தேர்வு, நிறத் திருத்தம், பக்க வடிவமைப்பு, நம் ஒப்புதல், பிறகு லேபில் அச்சு என்பது வழக்கமான வரிசை. ஒப்புதலுக்கு முன் எழுதினால் ஒரு கோப்பை மாற்றினால் போதும். இப்போதைய கல்யாண ஆல்பங்களில் ஒவ்வொரு தாளின் முதுகையும் அடுத்த தாளின் முதுகோடு ஒட்டி ஒரே கட்டாக்கிவிடுகிறார்கள். பழைய ஆல்பத்தில் ஒரு போட்டோவை உருவி வேறொன்றைச் செருகியது போல இதில் செய்ய முடியாது. ஒரு பக்கத்துக்காகப் பிரித்து, அச்சடித்து, மறுபடி கட்ட வேண்டும். செலவு நம் தலையில்தான் விழும்.

திருத்திய படம் வந்ததும் போனில் பார்த்து "சூப்பர்" என்று பதில் போட்டுவிடாதீர்கள். ஆல்பத்தை விரித்தால் 12 அங்குல உயரம், 36 அங்குல அகலம் என்பது பரவலாக இருக்கும் அளவு. படத்தின் கால்வாசி அகலத்தை அடைத்த கார், போனில் கட்டைவிரல் நீளம். விரித்த பக்கத்தில் 9 அங்குலம். ஆகவே கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். லேப்டாப்பில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கார் நின்ற இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். சுவரில் ஒரே விரிசல், ஒரே கறை இரண்டு இடங்களில் வந்தால் நகலெடுத்துப் பதித்திருக்கிறார்கள் என்று பொருள். சுவரின் மேல்கோடு, படிக்கட்டு, பேனர் விளிம்பு ஆகியவை கார் இருந்த இடத்தில் லேசாக வளைந்தோ படி இறங்கியோ போனால் திருத்தச் சொல்ல வேண்டும். சுற்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும் படத்தில் ஒரு திட்டு மட்டும் வழவழவென்று இருந்தால் அதுவும் அச்சில் காட்டிக்கொடுக்கும். கடைசியாகத் தரையைப் பாருங்கள். ஆளை எடுத்தவர்கள் செருப்பை மறந்துவிடுவது உண்டு.

வீடியோவில் இதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். அதில் ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன, கேமராவும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆல்பத்தில் எடுக்கப்பட்ட கார் வீடியோவில் இருக்கத்தான் செய்யும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து நம் பொருட்டு எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். முன்பணம் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்பதால் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார்கள் என்பதும் பல நேரம் அதே தாளில்தான் இருக்கும்.

திருத்திய படத்தோடு, திருத்தாத அசல் கோப்பையும் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். போட்டோகிராபர்கள் எல்லாக் கல்யாணங்களின் கோப்புகளையும் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. ஆல்பம் கொடுத்துக் கொஞ்ச காலம் ஆனதும் ஹார்ட் டிஸ்கில் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார்கள்.